கடல் கடந்த தமிழருக்குத் தின்பண்டம்: விளம்பரமும் அனுப்பும் நாட்காட்டியும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் அயல்நாட்டுத் தமிழர்களுக்கு விளம்பரம் செய்யத் தொடங்குவது தமிழ்நாட்டின் பலகார உற்பத்தியாளர் பலரிடம் காணப்படும் வழக்கமாகும். உள்ளூர்க் கடைக்கு இது பொருந்தும். விளம்பரத்தைப் பார்த்தவர் மறுநாளே கடைக்கு வந்துவிடுவார். கடல் கடந்த வாடிக்கையாளருக்கு இம்முறை பொருந்துவதில்லை. அவருடைய ஊர்க் கடையில் தீபாவளியன்று இருக்கப்போகும் முறுக்கு, ஆடி மாதத்திலேயே எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எனவே இவ்வணிகத்தில் விளம்பரத் திட்டத்தை முதலில் வகுத்து, அனுப்பும் வழியைப் பின்னர் தேடுவது தலைகீழான முறையாகும். எந்தப் பண்டம் எத்தனை நாள் கெடாது, எந்த வழியில் எத்தனை நாளில் சேரும் என்ற இரு கணக்குகளும் முடிந்த பிறகே, யாருக்கு, எப்போது, எதை விளம்பரம் செய்வது என்பது தெளிவாகும்.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

தென்மாவட்டம் ஒன்றில் மசாலாப் பொடிகள், முறுக்கு, கடலைமிட்டாய், மைசூர்பாகு, அல்வா ஆகியவற்றைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2026 ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து இந்தியப் பலசரக்குக் கடைகளில் பண்டிகைக்கு நான்கு வாரம் முன்பே, அதாவது அக்டோபர் 10 அளவில், சரக்கு அடுக்கப்பட்டிருக்க வேண்டும். கிடங்கிலிருந்து கடைகளுக்குப் பங்கிட ஒரு வாரம் ஆகும். துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்கும் உணவுத் துறையின் சோதனைக்கும் இரண்டு வாரம் ஒதுக்குவது விவேகம். தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறிச் செல்லும் கொள்கலத்துக்குப் பயணக் காலம் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பழைய பயண நாட்களை நம்பித் திட்டமிட்டவர்கள் அப்போது பண்டிகையைத் தவறவிட்டனர். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் கப்பல் ஆகஸ்ட் 8 அளவில் புறப்பட வேண்டும். சரக்கு ஆகஸ்ட் முதல் நாளில் துறைமுகம் நோக்கிச் செல்ல வேண்டும். முறுக்கைச் சுட வேண்டிய காலம் ஜூலைக் கடைசி வாரம்.

ஜூலை 25 அன்று பொரித்த முறுக்கைத் தீபாவளியன்று உண்பவர் 106 நாள் பழைய பண்டத்தை உண்கிறார். பொங்கல் வரையில் விற்பனை தொடர வேண்டுமென்று கடைக்காரர் எதிர்பார்ப்பதால், உறையில் ஆறு மாதக் காலவரம்பாவது இருத்தல் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையே பண்டங்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, கடலைமிட்டாய், முறையாக அடைக்கப்பட்ட முறுக்கு ஆகியவை கப்பலுக்கு உரியவை. மைசூர்பாகு, அதிரசம், அல்வா போன்றவை விமானத்துக்கு உரியவை. பால்கோவாவும் பர்பியும் பல நாடுகளுக்கு எவ்வழியிலும் உரியவை அல்ல. கோமாரி நோயற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாமையால், ஆஸ்திரேலியா இத்தகைய பால் இனிப்புகளை அஞ்சல் பொதியிலும் பயணியின் பையிலும் அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் தனியார் பொதிகளில் வரும் பால் பொருள்களுக்குத் தடை விதித்துள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையதுதான். எனினும் சிட்னி வாடிக்கையாளருக்கு அதன் படத்தைக் காட்டி விளம்பரம் செய்வது, கொடுக்க இயலாத ஒன்றை விற்பதாகவே முடியும்.

சிங்கப்பூரின் நிலை வேறு. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் விமானத்தில் நான்கு மணி நேரம். ஆகவே செப்டம்பர் நடுவில் பொரித்த முறுக்கும் நவம்பர் 2 அன்று கிளறிய மைசூர்பாகும் ஒரே கடையில் சேர்ந்து இருக்க முடியும். சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நடைபெறும் பண்டிகைச் சந்தையில் உள்ளூர்த் தயாரிப்பாளர்களுடன் போட்டியிட வேண்டியிருக்கும். அங்கே உள்நாட்டிலேயே நல்ல முறுக்கு கிடைக்கிறது என்பதை வெளியூர்க்காரர் மறந்துவிடலாகாது. தமிழ்நாட்டு நிறுவனத்துக்கு அங்கு இடம் கிடைப்பது ஊர்ப்பெயர் கொண்ட பண்டங்களால்தான். இப்பெயர்களிலும் ஓர் எல்லை உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020 இலும் மணப்பாறை முறுக்கு 2023 இலும் புவிசார் குறியீடு பெற்றன. பதிவு செய்யப்பட்ட வட்டாரத்துக்கு வெளியே தயாரிப்பவர் அப்பெயர்களை உறையிலோ விளம்பரத்திலோ பயன்படுத்த உரிமையில்லை.

பெட்டியின் எடை எது?

விமானக் கூரியரில் புதியவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் எடைக் கணக்கு ஆகும். தராசு காட்டும் எடை ஒன்று; பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான எடை மற்றொன்று. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வந்த தொகையை 5,000 ஆல் வகுத்தால் இடத்துக்கான எடை கிலோவில் கிடைக்கும். இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டிக்கு இக்கணக்கு 6 கிலோ தருகிறது. அப்பெட்டி நிறைய முறுக்கை அடுக்கினால் இரண்டு, இரண்டரைக் கிலோதான் பிடிக்கும். கட்டணம் மட்டும் ஆறு கிலோவுக்கு. அல்வாவையும் மைசூர்பாகையும் மட்டுமே நிரப்பினாலோ எடை ஆறு கிலோவைத் தாண்டிவிடும்.

இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி கலவைப் பெட்டி ஆகும். அடியில் 2 கிலோ இனிப்பு, அதன் மேல் ஒன்றரைக் கிலோ பொடி வகைகள், 1 கிலோ கடலைமிட்டாய், உச்சியில் 1 கிலோ முறுக்கு. அட்டையும் பஞ்சணையும் அரைக் கிலோ. இரு எடைகளும் ஆறில் ஒன்றுபடுகின்றன. உடையக்கூடியது மேலேயும் கனமானது கீழேயும் இருப்பது தனி நன்மை. ‘தீபாவளிப் பெட்டி’ என்று ஒரே விலையில் விளம்பரம் செய்யப்படுபவற்றுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் தம் விருப்பப்படி ஒவ்வொரு பண்டமாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அளித்தால், அவர் நான்கு பொட்டலம் முறுக்கை மட்டும் கேட்பார். அந்த ஆணை நட்டத்தில்தான் முடியும்.

செலவை எண்களில் பார்ப்பது நன்று. கூரியர்க் கட்டணம் கிலோவுக்கு 700 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டால் பெட்டிக்கு 4,200 ரூபாய் ஆகிறது. பண்டமும் உறையும் 2,600 ரூபாய். விளம்பரத்துக்கு 40,000 ரூபாய் செலவிட்டு 50 ஆணைகள் கிடைத்தன எனில், ஆணை ஒன்றுக்கு 800 ரூபாய். ஆக அடக்கம் 7,600 ரூபாய்; இதற்கு மேல் சுங்கத் தீர்வை. அமெரிக்காவில் 800 டாலருக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறையும் அமெரிக்காவுக்கான பொதிகளைச் சில வாரம் ஏற்காதிருந்தது. தீர்வையைத் தாமே முன்கூட்டிச் செலுத்துவதா, பெறுபவரிடம் விட்டுவிடுவதா என்ற கேள்வி அன்றுமுதல் கூர்மையாயிற்று. பெறுபவரிடம் விடுவது விலையைக் குறைத்துக் காட்டும். ஆனால் வீட்டு வாசலில் திடீரெனத் தொகை கேட்கப்பட்டால் பலர் பொதியை மறுத்துவிடுகின்றனர். மறுக்கப்பட்ட இனிப்பைத் திரும்பக் கொண்டுவருவதில் பயனில்லை, அது அழிக்கப்படும். அனுப்பியவருக்குப் பண்டமும் கட்டணமும் ஒருங்கே நட்டம். தீர்வையையும் உள்ளடக்கிய விலையை விளம்பரத்திலேயே கூறிவிடுவது குறைந்த ஆணைகளைத் தரும். ஆயினும் அவ்வாணைகள் நிலைக்கும்.

விளம்பரத்தின் முகவரி

ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஆறு கிலோ பெட்டியை வாங்குபவர் யார் என்ற கேள்வியே விளம்பரத்தின் தொடக்கம். அருகிலுள்ள கடையில் அதே வகைப் பண்டம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, நியூ ஜெர்சியில் இருப்பவர் தமக்கெனப் பெரும்பாலும் இதை வாங்குவதில்லை. மகனுக்கோ மகளுக்கோ ஊர்ப் பலகாரம் சேரவேண்டும் என்று விரும்பும், திருநெல்வேலியிலோ மதுரையிலோ வாழும் பெற்றோரே முதன்மையான வாங்குவோர். கூரியர் அலுவலகங்களில் பண்டிகைக் காலத்தில் எவர்சில்வர் தூக்குடன் நிற்கும் முதியவர்களைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆகவே கூரியர்ப் பெட்டிக்கான விளம்பரத்தில் ஒரு பெரும் பகுதி தமிழ்நாட்டிலேயே, உள்ளூர் நாளிதழிலும் கடை வாசலிலும் இடம்பெற வேண்டும். கப்பலில் சென்று கடையில் அமர்ந்திருக்கும் பொடிக்கும் முறுக்குக்கும்தான் அயல்நாட்டில் விளம்பரம் தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே விளம்பரத்தில் கலந்தால் இரண்டுமே வீணாகும்.

சமூக ஊடகங்களில் பணம் கட்டி விளம்பரம் செய்வோர், ‘மொழி: தமிழ்’ என்று தெரிவு செய்துவிட்டுத் தமிழர் அனைவரையும் எட்டிவிட்டதாக நினைக்கின்றனர். அந்தத் தெரிவு, தம் கைப்பேசியையோ கணக்கையோ தமிழில் அமைத்துக்கொண்டவர்களையே முதன்மையாகக் குறிக்கும். அயல்நாட்டுத் தமிழரில் பெரும்பாலோர் ஆங்கில அமைப்பையே வைத்திருப்பதால் அவர்கள் இவ்வலையில் சிக்குவதில்லை. இடத்தைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே மேலான வழி. சரக்கு எந்தக் கடைகளில் இருக்கிறதோ அக்கடைகளைச் சுற்றிய சில கிலோமீட்டர் வட்டத்தை மட்டும் குறித்து, தமிழ்த் திரைப்படம், தமிழ்த் தொலைக்காட்சி ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களைத் தெரிவு செய்யலாம். லண்டன் முழுவதற்கும் காட்டும் விளம்பரத்தைவிட ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் வட்டங்களுக்கு மட்டும் காட்டுவது சிக்கனமானது. பண்டம் கிடைக்காத ஊரில் எழுப்பிய ஆவல், போட்டியாளரின் அலமாரியில் போய் முடியும்.

வானொலியின் செல்வாக்கும் குறைத்து மதிக்கத்தக்கதன்று. சிங்கப்பூரில் ‘ஒலி 968’, மலேசியாவில் ‘மின்னல் எஃப்எம்’, ‘ராகா’ ஆகியவை தமிழ்க் குடும்பங்களின் காதுகளை எட்டுகின்றன. 1935 இல் தொடங்கப்பட்ட ‘தமிழ் முரசு’ நாளிதழும் சிங்கப்பூரில் தொடர்ந்து வெளிவருகிறது. தமிழ் பேசத் தெரிந்தும் விரைந்து படிக்க இயலாத இளந்தலைமுறை அங்கே வளர்ந்துள்ளமையால், வானொலியில் தமிழும் அச்சில் இருமொழியும் என்பது பொருத்தமான ஏற்பாடாகும்.

சொற்களைப் பற்றியும் கவனம் தேவை. டொரான்டோவின் ஸ்கார்பரோவிலும் பாரிஸின் லா ஷப்பேலிலும் தமிழர் என்றால் பெரும்பாலும் ஈழத் தமிழரே. தமிழ்நாட்டில் ‘அதிரசம்’ எனப்படுவது அவர்கள் வழக்கில் ‘அரியதரம்’. சர்க்கரை என்று இங்கே கூறும் வெள்ளைப் பண்டம் அங்கே ‘சீனி’. மாவு ‘மா’ ஆகிவிடும். பயற்றம் உருண்டை அவர்களுடைய வீட்டுப் பலகாரம். மேலும் அவர்களிடையே கிறித்தவக் குடும்பங்கள் கணிசமாக இருப்பதால் டிசம்பர் மாதமும் ஒரு விற்பனைக் காலமே. ‘நம்ம ஊர்ச் சுவை’ என்ற விளம்பர வாசகம் யாழ்ப்பாணத்தவருக்கு எந்த ஊரை நினைவூட்டும் என்று எழுதுபவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஊர் நினைவை விற்பதைவிட, பண்டத்தின் பெயரையும் தரத்தையும் நேராகச் சொல்வதே மரியாதையான அணுகுமுறை எனலாம்.

விளம்பர வாசகம் சட்டத்தின் பார்வையிலிருந்தும் தப்புவதில்லை. கருப்பட்டி மிட்டாயை ‘நீரிழிவு நோயாளிகளுக்கு நன்மை தரும்’ என்று இணையப் பக்கத்தில் எழுதினால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை நோய்க்கான மருந்து என்று கூறி விற்பதாகவே கருதக்கூடும். உறையில் அவ்வாசகம் இல்லை என்ற சமாதானம் எடுபடாது. அந்நாட்டில் 2023 ஜனவரி முதல் எள்ளும் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி ஆகியவை முன்பே அதில் உள்ளன. முறுக்கில் தூவிய எள், மைசூர்பாகின் நெய், அல்வாவின் கோதுமை யாவும் ஆங்கிலத்தில் உறையில் குறிக்கப்பட வேண்டும். தயாரிப்பிடம் அந்நிர்வாகத்திடம் பதிவு பெற்றிருக்கவும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்புக் கொடுக்கப்படவும் வேண்டும். இங்கே ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டெண்ணும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மத்திய உரிமமும் தேவை. சிறு அளவில் தொடங்குவோர் அஞ்சல் துறையின் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ எனும் ஏற்றுமதி மையங்களை அணுகினால் சுங்க ஆவணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கெட்டது எங்கே என்று அறிதல்

மாதக்கணக்கில் வெயிலில் காயும் கொள்கலத்தின் உட்புறம் 50 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகும். முறுக்கின் எண்ணெய் உறையில் எஞ்சிய ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்கு வாடை பெறுகிறது. இதைத் தடுக்கவே அலுமினியத் தகடு சேர்ந்த உறையில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அடைக்கின்றனர். அயல்நாட்டிலிருந்து புகார் வரும்போது அதன் தன்மையைக் கொண்டே காரணத்தைக் கண்டறியலாம். முறுக்கு நமத்திருக்கிறது, வாடை இல்லை என்றால் உறையின் ஒட்டு சரியில்லை. மொறுமொறுப்பு இருக்கிறது, வாடை அடிக்கிறது என்றால் எண்ணெய் பலமுறை காய்ந்தது அல்லது நைட்ரஜன் போதவில்லை. அடுக்கின் அடிப்பெட்டிகளில் மட்டும் நொறுங்கியிருந்தால் அட்டையின் வலு குறைவு. எங்கும் சிதறி ஒரு மூலையில் மட்டும் நொறுங்கியிருந்தால் கையாளும்போது கீழே விழுந்தவை.

இத்தகைய ஆய்வுக்கு ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் பத்துப் பொட்டலங்களைத் தொழிற்சாலையில் எடுத்து வைத்தல் இன்றியமையாதது. சரக்கு நியூ ஜெர்சியில் இறங்கும் நாளில் இங்கும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்குள்ளதும் கெட்டிருந்தால் குறை தயாரிப்பில். இங்குள்ளது நன்றாக இருந்தால் குறை பயணத்தில்.

மூலப்பொருளில் ஒளிந்துள்ள குறையை இவ்வாறு மோந்து அறிய இயலாது. நிலக்கடலையில் பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சுக்கு அமெரிக்கா நூறு கோடியில் 20 பங்கு வரையில் விட்டுக்கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உண்ணத் தயாரான கடலையில் 4 பங்குக்கு மேல் ஏற்பதில்லை. ஆகவே நியூ ஜெர்சியில் இறங்கிய அதே ஈட்டுக் கடலைமிட்டாய் பாரிஸில் தடுக்கப்படலாம். 2024 ஏப்ரலில் இந்திய மசாலாக் கலவைகள் சிலவற்றைச் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் எத்திலீன் ஆக்சைடின் காரணமாக விற்பனையிலிருந்து விலக்கின. பொடிகளைக் கப்பலேற்றும் முன் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஈடுவாரியாகச் சோதிக்கும் செலவு, விளம்பரச் செலவுக்கு முன்னதாக ஒதுக்கப்பட வேண்டியது.

விளம்பரத்தின் பலனையும் இதே போன்று பிரித்தறியலாம். வானொலிக்கு ஒரு தள்ளுபடிச் சொல், நாளிதழுக்கு வேறொன்று, முகநூலுக்கு மற்றொன்று என்று கொடுத்தால், எந்த ஆணை எங்கிருந்து வந்தது என்பது பண்டிகை முடிந்ததும் தெரியும். கடை விற்பனையில் இது இயலாது. அங்கு இறக்குமதியாளரிடம் வாரந்தோறும் எஞ்சிய இருப்பைக் கேட்டு எழுதி வைப்பதே வழி. மேலே கூறிய கூரியர்க் கணக்கில் ஆணைக்கு 800 ரூபாய் விழுந்த விளம்பரச் செலவு, அதே பெற்றோர் அடுத்த ஆண்டு தாமாகவே அழைத்துப் பெட்டி கேட்கும்போது பெருமளவு குறைந்துவிடுகிறது. அதற்கு, பெட்டி சேர்ந்த மறுநாள் இங்குள்ள பெற்றோருக்கு, ‘நியூ ஜெர்சியில் நேற்று மாலை சேர்ந்தது’ என்று ஒரு தொலைபேசிச் செய்தி போதுமானது. அவர்களுடைய பெயரும் எண்ணும் பெறுபவரின் முகவரியும் எழுதப்பட்ட பதிவேடு, அடுத்த ஜூலையில் எவ்வளவு முறுக்குச் சுடுவது என்று முடிவு செய்யும் நாளில் மேசை மேல் இருக்க வேண்டும்.